மங்கலான பின்னணியில் குத்துவிளக்கை ஒட்டிய கதை: மங்கலை அளந்து பொருத்துவது எப்படி

போன மாதம் அக்கா மகளை வாசலில் உட்காரவைத்து ஒரு படம் எடுத்தேன். நண்பனிடம் இரவல் வாங்கிய கேமரா, 50 மிமீ லென்ஸ், f/1.8. பிள்ளையின் முகம் பளிச்சென்று இருக்கிறது, பின்னால் சுவரில் தொங்கிய சீரியல் பல்புகள் வட்ட வட்டமாக மிதக்கின்றன. எல்லாம் பார்த்துவிட்டு அக்கா, "பின்னாடி ஒரு குத்துவிளக்கு வச்சிருக்கலாமேடா" என்றாள். கேமராவைத் திருப்பிக் கொடுத்தாச்சு. சரி, மறுநாள் அதே நேரத்தில் விளக்கை ஏற்றி போனில் எடுத்து ஒட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன். போன் படத்தில் விளக்கு அடி முதல் நுனி வரை தெளிவு. ஒட்டினால், கல்யாண ஆல்பத்தில் ஸ்டிக்கர் ஒட்டியது மாதிரி இருந்தது.

நான் பயன்படுத்தியது ஜிம்ப் 2.10. பொருளை வெட்டி எடுப்பது, லேயர் மாஸ்க் போடுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். மங்கலாக்கும் முன் பொருளைக் கடைசி அளவுக்குச் சுருக்கிவிடுங்கள். பிறகு சுருக்கினால் மங்கலும் சேர்ந்து சுருங்கும்.

முதலில் அளந்துகொள்ளுங்கள்

கண் மதிப்பில் ஸ்லைடரை இழுத்துக்கொண்டே இருந்தால் ராத்திரி முழுக்க இழுக்கலாம். படத்திலேயே அளவுகோல் இருக்கிறது. ஃபோகஸுக்கு வெளியே இருக்கும் ஒரு ஒளிப்புள்ளி, லென்ஸின் திறப்பு எந்த வடிவமோ அந்த வடிவத்தில் வட்டாகப் படியும். அந்த வட்டின் அகலம்தான் அந்தத் தூரத்தில் உள்ள மங்கலின் அளவு. 2000 பிக்சல் அகலமுள்ள என் படத்தில் ஒரு பல்பின் வட்டை Measure கருவியால் அளந்தேன்: 40 பிக்சல்.

அப்படியே 40-ஐ விளக்குக்குப் போட்டேன், தப்பு. பல்புகள் கேமராவிலிருந்து 6 மீட்டரில் இருந்தன, நான் விளக்கை நிறுத்த நினைத்த இடம் 4 மீட்டர். பிள்ளை, அதாவது ஃபோகஸ், 2 மீட்டரில். வட்டின் அகலம் இந்த விகிதத்தில் மாறும்:

```
(தூரம் - ஃபோகஸ் தூரம்) / தூரம்

பல்பு:   (6 - 2) / 6 = 0.67
விளக்கு: (4 - 2) / 4 = 0.50
40 × 0.50 / 0.67 = 30 பிக்சல்
```

விட்டம் 30 என்றால் ஆரம் 15. மீட்டர் கணக்கு துல்லியமாக வேண்டாம், வாசலில் காலடி வைத்து எண்ணியதுதான் என் கணக்கும். பின்னணியில் பல்பே இல்லையென்றால் பாத்திரத்தின் மினுமினுப்பு, இலை இடுக்கில் தெரியும் வானம், இப்படி ஏதாவது ஒரு புள்ளி அகப்படும்.

காசியன் வேண்டாம்

Filters > Blur > Lens Blur-ஐத் திறந்து Blur radius-இல் 15 கொடுங்கள். Gaussian Blur பனிமூட்டம் மாதிரி ஓரமே இல்லாமல் கரைத்துவிடும், லென்ஸ் அப்படிச் செய்யாது. வேறு மென்பொருள் என்றால் அதில் 15 என்பது ஆரமா விட்டமா என்று முதலில் சோதியுங்கள்: கருப்பு லேயரில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி, அதை மங்கலாக்கி, Levels-இல் வெள்ளை முனையை இடப்பக்கம் இழுத்தால் வட்டு தெரியும், அளந்துகொள்ளலாம்.

என்னை இரண்டு நாள் அலையவிட்ட இடம்: ஓரம்

விளக்கு லேயரில் மாஸ்க் இருந்தது. லேயரை மங்கலாக்கினேன். விளக்கின் உள்ளே எல்லாம் மங்கியது, வெளி ஓரம் மட்டும் கத்தரியால் வெட்டியது மாதிரி அப்படியே நின்றது. காரணம், ஃபில்டர் லேயரின் நிறங்களைத்தான் தொட்டது, மாஸ்க்கைத் தொடவில்லை. சரி என்று மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்து அதையும் 15-இல் மங்கலாக்கினேன். இப்போது விளக்கைச் சுற்றி வெள்ளையாக ஒரு விளிம்பு. மாஸ்க் மறைத்து வைத்திருந்த பழைய வெள்ளைச் சுவர், நிறங்களை மங்கலாக்கியபோது விளக்குக்குள் கசிந்திருக்கிறது. அதை அழிப்பானால் தேய்த்தே ஒரு மாலை போனது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். லேயருக்கு ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, Layer > Mask > Apply Layer Mask. சுவர் ஒழிந்தது. அப்புறம் Layer > Layer to Image Size, இல்லாவிட்டால் மங்கல் பரவ இடமில்லாமல் லேயரின் எல்லையில் முட்டி நேர்க்கோடாக நிற்கும். Lock alpha channel அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அதன்பிறகே Lens Blur. சரியாக வந்ததா என்று அறிய, கீழே ஒரு கருப்பு லேயரும் பிறகு ஒரு வெள்ளை லேயரும் வைத்துப் பாருங்கள், கசிவு இருந்தால் இரண்டில் ஒன்றில் காட்டிக்கொடுத்துவிடும்.

இதில் ஒன்று பார்த்துப் பயந்தேன். விளக்குத் தண்டின் அகலம் 27 பிக்சல்தான், மங்கலின் விட்டமோ 30. அதனால் தண்டு வழியாகப் பின்சுவர் லேசாகத் தெரிந்தது. பிழை என்று நினைத்து மறுபடி மறுபடி செய்தேன். பிழையே இல்லை, வட்டைவிட ஒல்லியான எதுவும் உண்மையான லென்ஸிலும் அப்படித்தான் பாதி கரைந்து நிற்கும்.

சுடர்

மங்கலாக்கியதும் ஐந்து திரியின் சுடரும் மங்கிய மஞ்சள் கறையாகிவிட்டன. பக்கத்தில் பல்புகள் ஜொலிக்கும்போது இது அசடு வழிந்தது. போன் படத்தில் சுடர் 255-இல் வெட்டுப்பட்டிருக்கிறது, உண்மையில் அது எத்தனையோ மடங்கு பிரகாசம். ஒளி வட்டு முழுக்கப் பரவும்போது கையிருப்பு போதாமல் போகிறது. மங்கலாக்கும் முன்பே Image > Precision-இல் 32 பிட் ஃப்ளோட்டிங் பாயின்ட்டுக்கு மாற்றி, சுடர்களையும் பித்தளையின் மினுக்கையும் மட்டும் தேர்ந்தெடுத்து Colors > Exposure-இல் 2 ஏற்றினேன். திரையில் எதுவும் மாறியது மாதிரி தெரியாது, மங்கலாக்கியதும் தெரியும். 8 பிட்டிலேயே இருந்தால் இது வேலைக்காகாது.

விளக்கின் நிழலுக்கும் அதே 15. கடைசியாகப் புள்ளி இரைச்சல்: மாலை வெளிச்சத்தில் எடுத்த பின்னணியில் பொடிப்பொடியாக இருக்கும், மங்கலாக்கிய விளக்கோ மெழுகு மாதிரி வழவழவென்று நிற்கும். Filters > Noise > RGB Noise-ஐ மிகக் குறைவாகப் போட்டு, 200 சதவீதத்தில் இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 1: 2.10-இலேயே Lens Blur இல்லாத பழைய பதிப்பு வைத்திருப்பதாக ஒருவர் எழுதினார். காசியன்தான் கதி என்றால் அதில் 15 போடாதீர்கள், அளவுக்கு மீறி மங்கும். ஆரத்தில் பாதி, அதாவது 7.5, ஏறக்குறைய ஒத்து வரும். பல்பு, சுடர் இல்லாத பொருளுக்கு மட்டும்.

பின்சேர்க்கை 2: பொருளின் பாதி ஆளுக்குப் பின்னால் மறைந்தால் என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டார்கள். முழங்கைக்குப் பின்னால் வரும் பகுதியை வெட்டிவிட்டு மங்கலாக்கினால், தெளிவான கை மீது விளக்கின் பித்தளை நிறம் வழியும். வெட்டாமல் முழு விளக்கையும் மங்கலாக்குங்கள், அதை ஒரு லேயர் குரூப்பில் போடுங்கள், கையின் தெளிவான ஓரத்தை அந்தக் குரூப்பின் மாஸ்க்கில் வரையுங்கள். அந்த மாஸ்க்கை மங்கலாக்க வேண்டாம்.

பின்சேர்க்கை 3: கேமராவை நோக்கி நீளும் பெஞ்சு மாதிரி பொருளுக்கு இந்த ஒற்றை ஆரம் செல்லாது. முன்கால், பின்கால் இரண்டுக்கும் தனித்தனியாக மேலே சொன்ன கணக்கைப் போட்டு, இரு அளவில் மங்கலாக்கிய இரண்டு நகல்களை கிரேடியன்ட் மாஸ்க்கால் இணைத்துப் பார்த்தேன். நடுப்பகுதி கொஞ்சம் இரட்டையாகத் தெரிந்தது, மூன்றாவது நகல் ஒன்றை நடுவில் வைத்ததும் சரியானது.