சாவி எங்கே தம்பி? பிழைச் செய்திகளைத் தமிழாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாங்கோனில் அனோரத்தா சாலைக் காளி கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில் துணிக்கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர், போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் போன் செய்தார். "தம்பி, பூட்டியிருக்குன்னு எழுதி வருது. சாவி எங்கே இருக்கு?"

கடைக் கணக்குக்கு அவர் வைத்திருக்கிற சின்ன மென்பொருளைத் தமிழாக்கியவர்களில் நானும் ஒருவன். அக்கா கோயில் வகுப்பில் தமிழ் படித்தவர், பர்மிய மொழி நன்றாக வரும், ஆங்கிலம் அவ்வளவாக வராது. போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். திரையில் இருந்தது "தரவுத்தளம் பூட்டப்பட்டுள்ளது". என் கைவரிசைதான். `database is locked` என்று ஆங்கிலத்தில் இருந்ததை நான் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் சொல்லுக்குச் சொல் மாற்றியிருந்தேன்.

முதல் தவறு இதுதான், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் பிறக்கிறது: என்ன நடந்தால் அந்தச் செய்தி வரும் என்று தெரிந்துகொள்ளாமலே மொழிபெயர்ப்பது. அந்த மென்பொருள் கணக்கை எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தின் கோப்பில் வைக்கிறது. அப்படிப்பட்ட கோப்பில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். ஒருவர் எழுதி முடிக்காமல் இருக்கும்போது இன்னொருவர் எழுத வந்தால், உடனேயோ கொஞ்ச நேரம் காத்திருந்த பிறகோ இந்தச் செய்தி வரும். சாவியும் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை. மென்பொருளை எழுதியவரிடம் கேட்டபோதுதான் தெரிந்தது, அதில் புது பில் ஒன்றைத் தொடங்கினாலே எழுதும் உரிமை அந்த ஜன்னலுக்குப் போய்விடுகிறது, பில்லைச் சேமிக்கும்வரை அது விடாது. அக்கா கடையில் மருமகன் ஒரு பில்லைப் பாதியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார், அவ்வளவுதான் சங்கதி. "பூட்டு" என்ற சொல் கணினிக்காரனுக்கு ஒரு பொருள், கடைக்காரருக்கு வேறு பொருள், அதிலும் தினமும் ஷட்டரைப் பூட்டித் திறக்கிறவருக்கு.

இப்போது அந்த வாசகம் இப்படி இருக்கிறது:

```
msgid "database is locked"
msgstr "இந்தக் கணக்கில் வேறோர் இடத்திலிருந்து எழுதப்படுகிறது. "
"பாதியில் நிற்கும் பில் இருந்தால் அதை முடித்துவிட்டு "
"அல்லது மூடிவிட்டு, ‘சேமி’யை மறுபடி அழுத்துங்கள்."
```

நீளம்தான். ஆனால் என்ன நடந்தது என்பது முதல் வாக்கியத்தில், அடுத்து என்ன செய்வது என்பது இரண்டாவதில். "இருந்தால்" என்று போட்டதற்குக் காரணம் உண்டு. நகலெடுக்கும் வேறொரு மென்பொருளும் அந்தக் கோப்பைப் பிடித்துக்கொண்டிருக்கலாம், எனவே பில்தான் காரணம் என்று அடித்துச் சொல்லக் கூடாது. இன்னொன்று, பொத்தானில் "சேமி" என்று இருந்தால் செய்தியிலும் "சேமி" என்றே இருக்க வேண்டும். நாங்கள் பொத்தானை ஒருவரும் செய்தியை இன்னொருவருமாக மொழிபெயர்த்ததால் ஒன்றில் "சேமி", மற்றதில் "பதிவு செய்க". அக்கா அந்தப் பதிவு செய்க பொத்தானைத் திரை முழுக்கத் தேடியிருக்கிறார்.

அப்புறம், வினைமுற்று. நாம் அதிகம் கவனிக்காத இடம் இது. ஆங்கிலத்தில் `cannot`, `could not`, `failed to` மூன்றையும் கிட்டத்தட்ட ஒரே பொருளில் கலந்து எழுதுவார்கள், எழுதியவருக்கு அன்றைக்கு எது வாயில் வந்ததோ அது. தமிழில் அப்படி இல்லை. "சேமிக்க முடியவில்லை" என்றால் இந்தத் தடவை நடக்கவில்லை, இன்னொரு தடவை பார்க்கலாம் என்று படிக்கிறவர் எடுத்துக்கொள்வார். "சேமிக்க முடியாது" என்றால் எத்தனை தடவை அழுத்தினாலும் பயனில்லை, வேறு வழி பார். "சேமிக்கக் கூடாது" என்றால் உனக்கு அந்த உரிமை இல்லை. அடுத்து என்ன செய்வது என்பதில் பாதியை அந்த ஈறே சொல்லிவிடுகிறது. எனவே `Cannot save` என்று கண்டவுடன் "முடியாது" என்று போட்டுவிடாதீர்கள். மேலே சொன்ன பூட்டுக்கு "முடியவில்லை"தான் சரி. படிக்க மட்டும் அனுமதி உள்ள கோப்பில் எழுதப் போனால் எஸ்கியூலைட் `attempt to write a readonly database` என்று சொல்லும். அங்கே "முடியவில்லை" என்று போட்டால் ஆள் பத்துத் தடவை பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பார். அதற்கு "இந்தக் கோப்பைப் படிக்கலாம், இதில் எழுத முடியாது" என்பதே நேரான பேச்சு.

"தோல்வியடைந்தது" என்ற சொல்லை நான் முழுக்க விட்டுவிட்டேன். "சேமிப்பு தோல்வியடைந்தது" என்பதில் யார் தோற்றது, திரும்ப முயலலாமா, ஒன்றும் தெரியாது. தேர்வு முடிவு வாசிக்கிற மாதிரி இருக்கிறது.

"செல்லாத" என்பதும் அப்படித்தான். `Invalid amount` என்பதை யாரோ "செல்லாத தொகை" என்று போட்டிருந்தார்கள். இந்த நாட்டில் 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஒரே நாளில் செல்லாமல் போயின, மாற்றிக்கொடுக்கவும் இல்லை. அதைப் பார்த்த தலைமுறை இன்னும் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறது. அவர்களிடம் போய் 45,000 செல்லாத தொகை என்றால் என்ன நினைப்பார்கள்? உண்மையில் என்ன தவறு என்று மூல நிரலைத் திறந்து பார்த்தேன். தொகைக் கட்டத்தில் இலக்கம் தவிர வேறு எதையும் அது ஏற்காது. காற்புள்ளி ஒன்றுதான் பிரச்சினை. "தொகையில் இலக்கங்கள் மட்டும் இருக்கட்டும், காற்புள்ளி வேண்டாம். எடுத்துக்காட்டு: 45000" என்று மாற்றியதும் சரியாகிவிட்டது. "செல்லாத" என்று ஒரே சொல்லை எல்லா `invalid`க்கும் போடாமல், அந்தந்த இடத்தில் எது எதிர்பார்க்கப்படுகிறது என்பதை எழுத வேண்டும். தேதிக்கு ஒரு வாசகம், போன் எண்ணுக்கு ஒரு வாசகம். வேலை கூடும், வேறு வழியில்லை.

இனி `%s`. இது தமிழுக்கே உரிய தலைவலி. மூலத்தில் `Could not save %s: %s` என்று இருக்கும், முதல் `%s` இருக்கும் இடத்தில் கணக்கின் பெயர் வரும், இரண்டாவதில் காரணம். பலர் "%s-ஐ சேமிக்க முடியவில்லை" என்று வேற்றுமை உருபை ஒட்டிவிடுவார்கள். அங்கே வரப்போகிற பெயர் என்ன என்று உங்களுக்குத் தெரியாது. "வாடகைப் பணம்" என்று வந்தால் "பணத்தை" ஆக வேண்டும், "மாமா கடை" என்று வந்தால் "கடையை" ஆக வேண்டும், மென்பொருளுக்கு அது தெரியுமா? எனவே உருபை நமக்குத் தெரிந்த ஒரு பெயர்ச்சொல்லில் ஏற்றிவிடுவதுதான் வழி:

```
#, c-format
msgid "Could not save %s: %s"
msgstr "“%1$s” என்ற கணக்கைச் சேமிக்க முடியவில்லை. %2$s"
```

"கணக்கை" என்பது எப்போதும் அப்படியே இருக்கும், சந்தியும் நம் கையில். மேற்கோள் குறியை அழகுக்காகப் போடவில்லை. 2019 அக்டோபரில் நாடு யூனிகோடுக்கு மாறத் தொடங்குவதற்கு முன்னால் இங்கே பலரும் பர்மிய எழுத்தை, யூனிகோடுக்கு ஒத்துவராத ஜாவ்ஜி எழுத்துருவில் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் வைத்த பெயர்கள் இப்போது குழம்பித் தெரியும், குறி இல்லாவிட்டால் அந்தக் குழப்பம் எங்கே முடிந்து நம் தமிழ் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. `%1$s`, `%2$s` என்று எண் போட்டால் வரிசையை மாற்றிக்கொள்ளலாம், காரணத்தை முன்னால் சொல்வது தமிழுக்கு இயல்பாக வருகிற இடங்களில் இது உதவும். ஒரு `%` விட்டுப்போனாலும் மென்பொருள் அந்த இடத்தில் விழுந்துவிடலாம், அதனால் அனுப்புவதற்கு முன் இதை ஓட்டிப் பாருங்கள்:

```
msgfmt -c -o /dev/null ta.po
```

எண்ணிக்கையும் வடிவமும் பொருந்தாவிட்டால் அது வரி எண்ணோடு சொல்லிவிடும். பொருள் சரியா என்று அது பார்க்காது.

பொருளைப் பார்க்க ஒரே வழி, பிழையை நாமே வரவழைப்பது. பூட்டுக்கு இது ரொம்பச் சுலபம். கணக்குக் கோப்பின் நகல் ஒன்றை (உண்மையான கோப்பை அல்ல) மென்பொருளில் திறந்துகொண்டு, முனையத்தில் இப்படி:

```
sqlite3 nagal.db
BEGIN EXCLUSIVE;
```

இப்போது மென்பொருளில் ஏதாவது சேமித்துப் பாருங்கள், செய்தி வந்து நிற்கும். `ROLLBACK;` என்று அடித்தால் விடுபடும். இப்படி வரவழைத்துப் பார்த்தபோதுதான் என்னுடைய மூன்று வரிச் செய்தியின் கடைசி வரி, அக்காவின் சின்னத் திரையில் பெட்டிக்கு வெளியே போய்விடுவது தெரிந்தது. வெட்டுப்பட்டது எது? அடுத்து என்ன செய்வது என்ற வரிதான்.

அடுத்தது, உதவுகிறேன் என்று இல்லாத வழியைச் சொல்லிவிடுவது. இதை நானே செய்ய இருந்தேன். இங்கே மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. எழுதிக்கொண்டிருக்கும்போது போய்விட்டால் கணக்குக் கோப்புக்குப் பக்கத்தில் `-journal` என்று முடியும் ஒரு கோப்பு மிஞ்சியிருக்கும். "அந்தக் கோப்பை அழித்துவிட்டு மறுபடி திறக்கவும்" என்று செய்தியில் சேர்த்துவிடலாமா என்று ஒரு நண்பரிடம் கேட்டேன். அவர், "டேய், அதுதான்டா மருந்தே" என்றார். பாதியில் நின்ற எழுத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுபோக எஸ்கியூலைட் அடுத்த முறை திறக்கும்போது அந்தக் கோப்பைத்தான் படிக்கிறது. அதை அழித்தால் கணக்கு கெட்டுப்போகலாம். எழுதியவரிடம் கேட்காமல், மூலத்தில் இல்லாத ஒரு வழியையும் சேர்க்காதீர்கள்.

பிழைக் குறியீட்டையும் அழித்துவிடாதீர்கள். செய்தி நல்ல தமிழில் இருந்தால் போதும் என்று நாங்கள் `(SQLITE_BUSY)` என்பதை எடுத்துவிட்டிருந்தோம். அக்கா கடைக்குக் கணினி பார்க்க வருகிற பையன் பர்மியர், அவருக்குத் தமிழ் படிக்க வராது. தேடிப் பார்க்கவும் ஒரு சொல் இல்லாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்கிறார். இப்போது அது கடைசி வரியில் சின்ன எழுத்தில் இருக்கிறது.

சில பிழைகளுக்கு "மறுபடி முயலுங்கள்" என்பதே கெடுதல். `database disk image is malformed` என்று வந்தால் கோப்பு கெட்டுவிட்டது என்று பொருள், மேலும் எழுதினால் மீட்கக்கூடியதும் போய்விடலாம். அதை முன்பு "தரவுத்தள வட்டுப் படிமம் சிதைந்துள்ளது, மீண்டும் முயற்சிக்கவும்" என்று வைத்திருந்தோம். அந்த மீண்டும் முயற்சிக்கவும் மூலத்தில் இல்லவே இல்லை, எல்லாச் செய்திக்கும் வாலாக ஒட்டிப் பழகிய கை. இப்போது இப்படி:

```
msgid "database disk image is malformed"
msgstr "கணக்குக் கோப்பு கெட்டுப்போயிருக்கிறது. "
"இனி இதில் எதையும் எழுதாதீர்கள். மென்பொருளை மூடிவிட்டு, "
"கோப்பையும் அதனுடன் இருக்கும் -journal கோப்பையும் "
"வேறோர் இடத்தில் நகலெடுத்து வைத்துக்கொண்டு உதவி கேளுங்கள்."
```

அக்காவிடம் இதைப் படித்துக் காட்டினேன். "நகலெடுன்னா காப்பி பண்ணுறதுதானே?" என்றார். ஆமாம் என்றேன். "அப்போ காப்பின்னே போடு." போட்டுவிட்டேன்.