சி.வி.யைச் சுருக்கினால் பயோஸ்கெட்ச் ஆகிவிடாது

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.எச். தரும் ஆய்வு நிதிக்கு விண்ணப்பிக்கும்போது, பயோஸ்கெட்ச் என்னும் ஆய்வாளர் குறிப்பைத் தயாரிக்க நம்மில் பலர் செய்வது இதுதான்: பன்னிரண்டு பக்க சி.வி.யைத் திறந்து, இடம் பற்றும்வரை வரிவரியாக வெட்டிக்கொண்டே வருவது. வெட்டி முடித்ததும் கையில் இருப்பது குட்டையான சி.வி. மட்டுமே. அதைப் படிக்கும் மதிப்பீட்டாளருக்கு வேண்டியது வேறு.

அவருக்கு என்ன வேண்டும் என்பது 2025 ஜனவரி 25-க்குப் பிறகு இன்னும் தெளிவாகிவிட்டது. அந்தத் தேதி முதல் பெரும்பாலான ஆய்வுத் திட்ட விண்ணப்பங்களில் ஆய்வாளருக்கென்று தனி மதிப்பெண் கிடையாது. திட்டத்துக்குத் தேவையான திறமை இந்தக் குழுவிடம் இருக்கிறதா, இல்லையென்றால் எது குறைகிறது, இதை மட்டும் மதிப்பீட்டாளர் சொன்னால் போதும். அதாவது உங்கள் பெருமையை அவர் எடை போடுவதில்லை, ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிறார். சி.வி.யிலிருந்து வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டை மறப்பதால் வருபவை.

ஒரு கற்பனை ஆளை எடுத்துக்கொள்வோம். உயிர்வேதியியலில் பிஎச்.டி., 61 கட்டுரைகள், இப்போது ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இணைப் பேராசிரியர். சர்க்கரை நோயாளிகளுக்குக் காசநோய் ஏன் திரும்ப வருகிறது என்று ஆராயும் திட்டத்தில் அவர் துணை ஆய்வாளர். மருத்துவமனைகளிலிருந்து வரும் ரத்தத்தில் டி செல் போன்ற நோயெதிர்ப்புச் செல்களைப் பிரித்து, செல்களை ஒவ்வொன்றாக ஒளி பாய்ச்சி அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் அளப்பது அவர் பொறுப்பு.

பயோஸ்கெட்ச்சில் வரும் அவருடைய தன்விளக்கத்தின் முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "அறிவியலில் சிறு வயதிலிருந்தே ஆர்வம் கொண்ட நான், தாவர நொதிகள் குறித்து முனைவர் பட்டம் பெற்று, பின்னர் இரு நாடுகளில் ஆய்வுப் பணியாற்றி..." பிறந்ததிலிருந்து இன்றுவரை வரிசையாகப் போகும் கதை. திட்டம் எங்கே வருகிறது என்று பார்த்தால் கடைசிப் பத்தியில். 2026 ஜனவரியில் வந்த புதிய படிவத்தில் இந்தப் பகுதிக்கு 3,500 கேரக்டர்தான் வரம்பு. அதில் பாதி, திட்டத்தோடு சம்பந்தமில்லாத தாவர நொதிகளுக்குப் போய்விட்டது.

சரி செய்யும்போது சி.வி.யை மூடிவிட்டுத் திட்டத்தின் நோக்கப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். முதல் வாக்கியம் இப்படி மாறும்: "இத்திட்டத்தின் இரண்டாம் நோக்கத்தில், மூன்று மருத்துவமனைகளிலிருந்து வரும் மாதிரிகளின் டி செல் அளவீட்டுக்கு நான் பொறுப்பு." அடுத்து, அதைச் செய்ய முடியும் என்பதற்கான சான்று. அதே மருத்துவரோடு முன்பு சேர்ந்து வேலை செய்திருந்தால் அதுவும். தாவர நொதிகளுக்கு ஒரு வரி உண்டு, அளவீட்டில் கை பழகியது அங்கேதான் என்பதால். குழந்தைப் பேறு, உடல்நலக் குறைவு போன்றவற்றால் வெளியீட்டில் இடைவெளி இருந்தால் இங்கே சுருக்கமாகச் சொல்லலாம், அதற்கு இடமுண்டு.

அப்புறம் கட்டுரைத் தேர்வு. 2026 ஜனவரி 25-லிருந்து கெடு வரும் விண்ணப்பங்களுக்குப் பொதுப் படிவம் என்னும் இந்தப் புதிய படிவம்தான். அதில் திட்டத்தோடு நெருங்கியவை ஐந்து வரை, மற்ற முக்கியமானவை ஐந்து வரை என்று இரண்டு பட்டியல்கள். நம்மவர் சி.வி.யை மேற்கோள் எண்ணிக்கைப்படி அடுக்கி, மேலிருந்து பத்தை எடுத்துப் பாதியாகப் பிரித்துவிட்டார். நெருங்கிய ஐந்தில் முதலிடம் தாவர நொதிக் கட்டுரைக்கு. இரண்டாமிடம் பெரிய இதழ் ஒன்றில் பதினான்கு பேரில் ஒன்பதாவதாக அவர் பெயர் வந்த கட்டுரைக்கு.

அவருடைய உண்மையான பலம் நாற்பதாவது இடத்தில் ஒளிந்திருந்தது. அதிகம் பேர் படிக்காத ஓர் இதழில் வந்த முறையியல் கட்டுரை அது. ரத்தத்தை எடுத்த எத்தனை மணி நேரத்துக்குள் செல்களைப் பிரித்து உறைய வைக்க வேண்டும் என்று பேசுவது. தாமதமானால் டி செல்களின் எதிர்வினை குறைவாகக் காட்டும். மூன்று மருத்துவமனைகளின் மாதிரிகளை ஒப்பிடும் திட்டத்தில் மதிப்பீட்டாளர் முதலில் சந்தேகப்படுவதே அதைத்தான். அந்தக் கட்டுரையைப் பார்த்ததும் கேள்வி எழுமுன்னே பதில் கிடைத்துவிடும். தாவர நொதிக் கட்டுரையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, இரண்டாவது ஐந்தில் அதற்கு இடம் இருக்கிறது. கட்டுரை மட்டும்தான் என்றும் இல்லை. மற்றவர் தேடி எடுத்துப் பார்க்கக்கூடிய தரவுத் தொகுப்பும் மென்பொருளும் கூடப் பட்டியலில் வரலாம்.

அதிகம் சறுக்குவது, அறிவியலுக்கு நீங்கள் அளித்ததைச் சொல்லும் பங்களிப்புக் குறிப்புகளில்தான். ஐந்து வரை எழுதலாம், புதிய படிவத்தில் ஒவ்வொன்றுக்கும் 2,000 கேரக்டர். பெரும்பாலோர் ஒரு கட்டுரையின் சுருக்கத்தை அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். குறிப்பில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: அப்போது தெரியாமல் இருந்தது என்ன, கண்டது என்ன, அதனால் துறையிலோ மருத்துவத்திலோ என்ன மாறியது, அதில் உங்கள் கை எது. கட்டுரைச் சுருக்கத்தில் முதல் இரண்டும் இருக்கும். மூன்றாவது அரைகுறை. நான்காவது இருக்கவே இருக்காது.

நமக்கு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. "நான் செய்தேன்" என்று எழுதினால் தற்பெருமை என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஆகவே எல்லாம் "நாங்கள்" ஆகிவிடும், இல்லையென்றால் "செய்யப்பட்டது" ஆகிவிடும். நம்மவர் முதலில் எழுதியது: "மாதிரிகளைப் பிரிக்கும் நேரம் முடிவுகளைப் பாதிக்கிறது என்பது எங்கள் ஆய்வில் கண்டறியப்பட்டது." இதை அந்தக் கட்டுரையின் வேறெந்த ஆசிரியரும் தன் பயோஸ்கெட்ச்சில் ஒட்டிக்கொள்ளலாம், ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். சோதனையே இதுதான்: உங்கள் சக ஆசிரியருக்கு அப்படியே பொருந்தினால் உங்கள் பங்கு இன்னும் எழுதப்படவில்லை.

மாற்றி எழுதியது: "வெவ்வேறு மருத்துவமனைகளின் டி செல் அளவீடுகள் ஏன் ஒத்துப்போவதில்லை என்பது தெளிவாக இல்லை. ஒரே நோயாளியின் ரத்தத்தை வெவ்வேறு நேரம் கழித்துப் பிரித்து ஒப்பிடும் சோதனையை நான் வடிவமைத்தேன். அளவீட்டையும் பகுப்பாய்வையும் நானே செய்தேன். வேறுபாட்டின் பெரும்பகுதி தாமதத்தால் வருவதைக் காட்டினோம். இப்போது எங்கள் கூட்டு மருத்துவமனைகள் இந்த நேர வரம்பைப் பின்பற்றுகின்றன." "நான்" வருமிடமும் "நாங்கள்" வருமிடமும் இங்கே பிரிந்து நிற்கின்றன. பதினான்கு பேர் கட்டுரையிலும் இப்படித்தான்: "செல் அளவீட்டுப் பகுதி என்னுடையது" என்று எழுதினால் ஒன்பதாவது இடம் குறையாகத் தெரியாது. முழுவதையும் தனதாக்கிக்கொண்டால்தான் வம்பு, துறையில் இருப்பவருக்கு யார் எதைச் செய்தார்கள் என்று தெரியும்.

இவ்வளவு வெட்டச் சொன்ன நான், ஒரே ஒரு இடத்தில் கத்திரியைக் கீழே வைக்கச் சொல்வேன். பணிகளும் பதவிகளும் வரும் பகுதி அது. "சம்பளமே இல்லாத பதவிதானே" என்று சென்னையிலுள்ள கௌரவ வருகைப் பேராசிரியர் பதவியை நீக்கிவிட்டார் நம்மவர். என்.ஐ.எச். கேட்பது உள்நாடு, வெளிநாடு இரண்டிலும் இப்போது இருக்கும் எல்லாப் பதவிகளையும்தான். ஊதியம் உண்டோ இல்லையோ, முழுநேரமோ பகுதிநேரமோ, கௌரவமோ வருகையோ, எல்லாம் வர வேண்டும். மற்ற பகுதிகளில் தவறினால் குறிப்பு பலவீனமாகும், அவ்வளவுதான். இங்கே விட்டால் மறைத்ததாகக் கருதப்படலாம், பல்கலைக்கழகம் வரை விசாரணை போகலாம். இந்தியாவோடு தொடர்பை விடாமல் வைத்திருக்கும் நம் ஆட்களுக்கு இது அடிக்கடி நேரக்கூடியது.

கடைசி நேரத்தில் மாட்டிவிடுவது கையெழுத்து. புதிய படிவத்தை, இத்தகைய குறிப்புகளைத் தயாரிப்பதற்கான SciENcv தளத்தில் தயாரிக்க வேண்டும், ஆய்வாளரை அடையாளம் காட்டும் ORCID எண்ணையும் இணைத்திருக்க வேண்டும். உதவியாளர் விவரங்களை நிரப்பித் தரலாம், ஆனால் அவை உண்மை என்ற சான்றுறுதியை ஆய்வாளரே தன் கணக்கில் நுழைந்து தர வேண்டும். கெடு நாளன்று அவர் விமானத்தில் இருந்தால் வேறு யாரும் அதை முடித்துத் தர முடியாது.