ரிட்டென்ஷன் காசு கேட்டு எழுதும் கடிதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் சின்ன உப ஒப்பந்தக்காரர்களுக்கு பில் போட்டுக் கொடுப்பது என் வேலை. வேலை முடிந்து, மெயின் கொன்ட்ராக்டர் ஏற்றுக்கொண்டு, வருடக்கணக்காகியும், பின்னர் குறை வந்தால் திருத்துவதற்கு ஈடாக பில்லில் பிடித்து வைத்த ரிட்டென்ஷன் காசு வராமல் நிற்பவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். காசு கைக்கு வராததற்கு கம்பனியின் இழுத்தடிப்பே முதல் காரணம். ஆனால் இவர்கள் எழுதிய கடிதமே அந்த இழுத்தடிப்புக்கு வழி விட்டிருப்பதையும் அடிக்கடி பார்க்கிறேன்.

வெள்ளவத்தையில் ஒரு மாடிக் குடியிருப்புக்கு அலுமினிய ஜன்னல் போட்ட ஒருவருடைய கதையைச் சொல்கிறேன். ஒப்பந்தத் தொகை 80 இலட்சம் ரூபா. ஒவ்வொரு பில்லிலும் 10 சதவீதம் பிடிப்பார்கள். பிடித்த மொத்தம் ஒப்பந்தத் தொகையின் 5 சதவீதத்தை, அதாவது 400,000 ரூபாவை எட்டியதும் நிறுத்திவிடுவார்கள். கட்டடத்தைக் கையேற்றதும் பாதி, பிறகு 12 மாதக் குறைதிருத்தக் காலம் முடிந்ததும் மீதிப் பாதி கிடைக்கும். கையேற்ற திகதி 15.03.2021.

அவர் எழுதிய கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: “2020இல் வேலை முடித்தோம், 423,000 ரூபா பாக்கி, தயவுசெய்து விரைவில் தரவும்.” கூடுதல் வேலைகளோடு இறுதிக் கணக்கு 84.6 இலட்சம் வந்ததால் அதில் 5 சதவீதத்தைப் போட்டுவிட்டார். உண்மையில் பிடித்தது 400,000தான். கம்பனியில் வேலை அளவையும் பில்லையும் சரிபார்க்கும் கியூஎஸ் “கணக்குப் பொருந்தவில்லை, சரிபார்த்துச் சொல்கிறோம்” என்று ஒரு வரி எழுதினார். அந்த ஒரு வரியில் எட்டு மாதம் போனது. சதவீதத்தை வைத்து நீங்களே கணக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு கொடுப்பனவுச் சான்றிதழிலும் ரிட்டென்ஷன் என்று கழித்த தொகைகளைக் கூட்டி, அந்தப் பட்டியலையே கடிதத்தோடு இணையுங்கள்.

அதைவிடப் பெரிய தவறு, இரண்டு பாதியையும் ஒரே கடனாக எழுதுவது. முதல் 200,000 உரித்தானது 15.03.2021இல், அடுத்த 200,000 15.03.2022இல். எழுத்து ஒப்பந்தத்தின் மீது வழக்குப் போட 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் தருவது 6 ஆண்டுகள். ஆகவே முதல் பாதிக்கு 2027 மார்ச்சிலும் இரண்டாவதுக்கு 2028 மார்ச்சிலும் காலம் முடிகிறது. வாய்ப்பேச்சில் செய்த வேலைக்கு இதைவிடக் குறைவு. நீங்கள் எத்தனை கடிதம் எழுதினாலும் இந்தக் காலம் நிற்காது. எதிர்த்தரப்பு கையொப்பமிட்டுக் கடனை ஒப்புக்கொண்டாலோ, அதில் ஒரு பகுதியைக் கட்டினாலோதான் காலம் புதிதாக ஓடத் தொடங்கும். அதனால் காசு கேட்கும் அதே கடிதத்தில், நிலுவையை எழுத்தில் உறுதிப்படுத்தும்படியும் கேளுங்கள்.

ஆனால் எந்தத் திகதி உங்களுக்குப் பொருந்தும் என்பதை உங்கள் ஒப்பந்தத்தில் பார்த்த பிறகுதான் எழுத வேண்டும். சில ஒப்பந்தங்களில் உங்கள் வேலை முடிந்த நாளுக்குப் பெறுமதி கிடையாது, முழுக் கட்டடமும் கையேற்கப்பட்ட நாள்தான் கணக்கு. ஜன்னல்காரர் 2020ஐ எழுதியது அதனால்தான் தவறாகப் போனது. அத்தோடு கூட்டுப் பரிசோதனையில் இரு தரப்பும் ஒப்பமிட்ட ஸ்னாக் லிஸ்ட்டின், அதாவது திருத்த வேண்டிய குறைகளின் பட்டியலின், பிரதி கையில் இருக்கட்டும். “குறை இன்னும் இருக்கிறது” என்று பிறகு சொன்னால் பதிலாகக் காட்ட அதைவிட நல்ல சாட்சி இல்லை.

அப்புறம், “கிளையன்ட் உங்களுக்குக் காசு தந்ததும் எங்களுக்குத் தாங்கோ” என்று மரியாதைக்காக எழுதிவிடுவார்கள். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு நிபந்தனை இல்லையென்றால், நீங்களாக அதை எழுதிக் கொடுக்காதீர்கள். வட்சப்பிலும் வேண்டாம். ஒப்பந்தத்தில் இல்லாத வட்டி வீதத்தையும் நீங்களாகச் சேர்க்காதீர்கள். பெரிதாக ஒரு வீதத்தைப் போட்டால் அசலைப் பற்றிய பேச்சு மறைந்து, வட்டியைப் பற்றிய சண்டையாகிவிடும்.

இன்னொன்று, எங்கோ பார்த்த மாதிரிக் கடிதத்திலிருந்து “உரிமைகளுக்குப் பங்கமின்றி” என்ற தலைப்பை எடுத்து ஒட்டுவது. அது சமரசப் பேச்சுக் கடிதங்களுக்கு உரியது. அப்படித் தலைப்பிட்ட கடிதத்தைப் பின்னர் நீதிமன்றத்தில் காட்டப் போனால் எதிர்ப்பு எழும். உங்களுக்கோ அந்தக் கடிதம் சாட்சியாக நிற்க வேண்டும். வியாபாரக் கடிதத்தில் ஒரு விடயம் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்க, பெற்றவர் மறுக்காமல் பேசாமல் இருந்தால் அந்த மௌனத்தை அவருக்கு எதிராகக் கொள்ள இங்குள்ள நீதிமன்றங்கள் இடம் தருகின்றன. அதற்கு நீங்கள் எழுதும் வரி மறுக்கக்கூடிய அளவுக்குத் திட்டமாக இருக்க வேண்டும்.

ஜன்னல்காரருக்கு நாங்கள் திருத்தி எழுதியது இது: “கட்டடம் 15.03.2021 அன்று கையேற்கப்பட்டது. அன்று உரித்தான 200,000 ரூபாவும் 15.03.2022 அன்று உரித்தான 200,000 ரூபாவும் இன்றுவரை செலுத்தப்படவில்லை. இக்கடிதத் திகதியிலிருந்து 14 நாட்களுக்குள் செலுத்தவும். தொகையை மறுப்பதாயின் எந்த உருப்படி, ஏன் என்று அதே காலத்துக்குள் எழுத்தில் அறிவிக்கவும்.”

முதல் கடிதத்தை அவர் சைட் மனேஜர் கையில் கொடுத்திருந்தார். இதை கம்பனியின் பதிவு செய்த அலுவலக முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் கந்தோர் தந்த பற்றுச்சீட்டைப் பிரதியின் மூலையில் பின் போட்டு வைத்தோம்.