ரெஸ்யூமில் கல்லூரிப் பெயருக்கு முன் புராஜெக்ட் வரட்டும்

சிறு நகரக் கல்லூரியில் பொறியியல் முடித்துப் பெருநகரங்களில் முதல் வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள், ரெஸ்யூமின் தொடக்கத்தில் வழக்கமாக எழுதும் ‘குறிக்கோள்’ பத்தியை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் இறுதியாண்டு புராஜெக்ட்டை வைப்பது நல்லது. கல்லூரியின் பெயரைக் கேள்விப்பட்டிராத ஒருவர், உங்கள் திறனை அதைக் கொண்டுதான் மதிப்பிட முடியும்.

‘ஐஓடி அடிப்படையிலான பாசனக் கருவி’ என்ற தலைப்பு மட்டும் போதாது; அதைப் பலரும் எழுதுகிறார்கள். ‘நால்வர் குழுவில், மண் ஈரப்பத சென்சாரின் அளவைப் படித்து மோட்டாரை இயக்கும் நிரலை நான் எழுதினேன், அளவு எல்லைக்கோட்டில் ஏறி இறங்கும்போது மோட்டார் அடிக்கடி நின்று நின்று ஓடியதால், இயக்குவதற்கு 30 சதவீதம், நிறுத்துவதற்கு 45 சதவீதம் எனத் தனித்தனி வரம்புகளை வைத்துச் சரிசெய்தேன்’ என்று எழுதினால், உங்கள் பங்கும் நீங்கள் தீர்த்த சிக்கலும் படிப்பவருக்குத் தெளிவாகத் தெரியும்.

நேர்காணலின் கேள்விகளும் பெரும்பாலும் அந்த வரியிலிருந்தே எழும் என்பதால், விலைக்கு வாங்கிய புராஜெக்ட்டை (அந்த வழக்கம் அரிதல்ல) இப்படி எழுதினால் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்; அதைவிட, சொந்தமாகச் செய்த மினி புராஜெக்ட்டே மேல். தந்தை பெயர், மதம், கடைசியில் வரும் உறுதிமொழி ஆகியவை தேவையில்லை. ஒரே பக்கத்தில் முடித்து, பிடிஎஃப் கோப்பாக அனுப்புங்கள்.