ஹெட்ஜ் ஃபண்ட் கட்டணத்தில் இந்த ஒரு வரியைத் தேடுங்கள்

பணக்காரர்கள், நிறுவனங்களின் பணத்தைத் திரட்டி முதலீடு செய்யும் அமெரிக்க ஹெட்ஜ் ஃபண்டுகளில் பழகிப்போன கணக்கு ‘2-க்கு 20’. போட்ட பணத்தின் மதிப்பில் ஆண்டுக்கு 2% நிர்வாகக் கட்டணம், லாபம் வந்தால் அதில் 20% பங்கு.

100 டாலர் போடுகிறீர்கள். கணக்கு எளிதாக இருக்க 2%-ஐ விட்டுவிடுவோம். முதல் ஆண்டு 120 ஆகிறது. லாபம் 20-இல் மேலாளருக்கு 4 போக, உங்களுக்கு 116. மறு ஆண்டு அது 90-க்கு விழுகிறது. மூன்றாம் ஆண்டு 112-க்கு ஏறுகிறது. சரி, இந்த 22 டாலர் லாபமா? உங்களுக்கு இல்லை, பழைய இடத்துக்கே இன்னும் வந்து சேரவில்லை. ஆனால் முன்பு தொட்ட உச்ச அளவைத் தாண்டினால்தான் லாபப் பங்கு என்கிற ‘ஹை வாட்டர் மார்க்’ விதி இல்லாவிட்டால் அதற்கும் 4.40 டாலர் பிடிப்பார்கள். ஒரே ஏற்றத்துக்கு இரண்டு முறை கட்டணம்! விதி இருந்தால் 116-ஐத் தாண்டும்வரை லாபப் பங்கு கிடையாது. 121 ஆனால், மேலே உள்ள 5-க்கு மட்டும் 1 டாலர்.

நஷ்ட ஆண்டிலும் 2% போய்க்கொண்டேதான் இருக்கும். அதை இந்த விதி தடுக்காது. அப்புறம், சில ஒப்பந்தங்களில் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அந்த உச்ச அளவைக் கீழே இறக்கிக்கொள்ள இடம் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பத்தியைக் கட்டாயம் படியுங்கள்.