வேட்டையாடும் பூனையும் எலி மருந்தும்: செத்த எலி வழியாக விஷம் வருவதைக் கவனிப்பது எப்படி?

எலி கேக்கைப் பூனை எட்டாத இடத்தில் வைத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பூனை கேக்கைத் தொடுவதே அபூர்வம்தான். கேக் தின்ற எலியை அது பிடிக்கும், அங்கேதான் சிக்கல் வருகிறது. வீட்டுக்கு வெளியே திரிந்து எலி பிடிக்கும் பூனை வைத்திருப்பவர்கள் என்ன செய்யலாம் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: எந்த மருந்து என்று கண்டுபிடியுங்கள்

நம் கடைகளில் கிடைக்கும் எலி கேக்குகளில் பெரும்பாலும் புரோமாடியோலோன் 0.005 சதவீதம் இருக்கும். பொட்டலத்தின் பின்பக்கம் சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். சாம்பல் கலந்த கறுப்புப் பொடியாக, பூண்டு மாதிரி நெடியடித்தால் அது துத்தநாக பாஸ்பைடு. இரண்டும் வேலை செய்யும் விதமே வேறு.

துத்தநாக பாஸ்பைடு வயிற்று அமிலத்தில் பட்டதும் பாஸ்பின் என்ற நச்சு வாயுவாகிறது. எலி சில மணி நேரத்தில் செத்துவிடும். அதன் உடலில் விஷம் பெரிதாகச் சேராது என்றாலும், குடலில் மிச்சமிருக்கும் பொடி பூனைக்கு ஆபத்து.

புரோமாடியோலோன் நிதானமான விஷம். இரத்தம் உறைவதற்கு வைட்டமின் கே வேண்டும். உடல் அதை மறுபடி மறுபடி புதுப்பித்துப் பயன்படுத்தும். இந்த மருந்து அந்தப் புதுப்பித்தலை நிறுத்திவிடுகிறது. இரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் உறைதல் பொருட்கள் தீரும்வரை எலிக்கு ஒன்றும் தெரியாது. சாக நாலைந்து நாளோ ஒரு வாரமோ ஆகும். அதுவரை தினமும் வந்து கேக்கைத் தின்றுகொண்டே இருக்கும், கல்லீரலில் மருந்து ஏறிக்கொண்டே போகும். கடைசி நாட்களில் தள்ளாடியபடி பட்டப்பகலில் வெளியே வரும். பூனைக்கு அதைவிடச் சுலபமான வேட்டை வேறு என்ன வேண்டும்?

படி 2: ஆபத்து எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள்

ஒரு உதாரணம். எலி 10 கிராம் கேக் தின்றதாக வைத்துக்கொள்வோம். 0.005 சதவீதம் என்றால் அதில் இருப்பது அரை மில்லிகிராம் மருந்து. 4 கிலோ பூனை அந்த எலியை முழுதாகத் தின்றாலும் கிலோவுக்கு 0.125 மில்லிகிராம்தான் சேரும். பூனையை ஒரே வேளையில் கொல்ல கிலோவுக்கு 25 மில்லிகிராமுக்கு மேல் வேண்டும் என்பது பரிசோதனைக் கணக்கு. அதாவது ஒரு எலி தின்றதும் பூனை செத்துவிடும் என்று பதற வேண்டியதில்லை.

ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை. இந்த மருந்து கல்லீரலை விட்டுப் போக மாதக்கணக்கில் ஆகும். தெருவில் நாலு வீட்டில் கேக் வைத்திருக்கிறார்கள், பூனை நாளுக்கொரு எலி பிடிக்கிறது என்றால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துவிடும். அப்படிச் சேரும்போது ஆபத்துக்கு வேண்டிய அளவும் வெகுவாகக் குறைந்துவிடும். குட்டிகளும் கல்லீரல் நோயுள்ள பூனைகளும் இன்னும் சீக்கிரம் பாதிக்கப்படும். ஆகவே நீங்கள் மருந்து வைக்கவில்லை என்பது மட்டும் போதாது. அக்கம்பக்கத்தில் கேட்டு, என்ன வைத்திருக்கிறார்கள், எப்போது வைத்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: ஈறைப் பார்க்கப் பழகுங்கள்

பூனை நன்றாக இருக்கும்போதே மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் நிறம் திரும்பும். சில பூனைகளுக்கு ஈறே கறுப்பாக இருக்கும், அவற்றுக்குக் கீழ் இமையின் உட்பக்கத்தைப் பாருங்கள்.

விஷம் ஏறிய எலியைத் தின்ற அன்று பூனை வழக்கம்போலத்தான் விளையாடும். அறிகுறிகள் வர மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். ஞாயிற்றுக்கிழமை தின்றது புதன், வியாழனில்தான் தெரியும், அதற்குள் நமக்கு எலியே மறந்துபோயிருக்கும். ஈறு வெளுப்பது, சோர்ந்து ஒரே இடத்தில் கிடப்பது, தோலடியில் வீக்கம், கறுத்த மலம், மூக்கில் இரத்தம் ஆகியவற்றைக் கவனியுங்கள். பலரும் தவறவிடுவது மூச்சுத்திணறலைத்தான். நெஞ்சுக்குள் இரத்தம் கசிந்தால் வெளியே ஒரு சொட்டும் தெரியாது, பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கும். சளி என்று விட்டுவிடாமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

படி 4: மருத்துவரிடம் என்ன கேட்பது

தின்று இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் மருத்துவரே வாந்தி வரவழைப்பார். வீட்டில் உப்புத் தண்ணீர் புகட்டாதீர்கள். உப்பே பூனைக்கு நஞ்சாகலாம், நுரையீரலுக்குள்ளும் போகலாம். பால், முட்டை கொடுக்கும் பழக்கமும் வேண்டாம். துத்தநாக பாஸ்பைடாக இருந்தால் சாப்பாடு வயிற்று அமிலத்தைக் கூட்டி வாயுவை அதிகமாக்கும். அந்தப் பூனை வாந்தியெடுத்தால் சன்னல்களைத் திறந்துவிடுங்கள், அந்த வாயு நமக்கும் ஆகாது.

அந்த நேரம் கடந்துவிட்டால், தின்றதிலிருந்து 48 முதல் 72 மணி நேரத்துக்குள் இரத்தம் உறையும் நேரத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். ‘பி.டி.’ பரிசோதனை என்றால் புரியும். கூடியிருந்தால் வைட்டமின் கே1 தொடங்குவார்கள். வழக்கமான அளவு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 2.5 முதல் 5 மில்லிகிராம், மூன்று நான்கு வாரம். கொழுப்புள்ள உணவோடு கொடுத்தால்தான் உடலில் நன்றாகச் சேரும். சீட்டில் கே1, அதாவது பைட்டோமெனடையோன் என்று இருக்கிறதா என்று பாருங்கள். கே3 இந்த விஷத்துக்கு வேலை செய்யாது.

நாலு நாளில் பூனை எழுந்து நடமாடியதும் வளர்ப்பவர்கள் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், அங்கேதான் கெடுகிறது. எலி மருந்து இன்னும் கல்லீரலில் உட்கார்ந்திருக்கிறதே, மறுபடி இரத்தம் கசியும். மொத்த மாத்திரையும் முடிந்து 48 முதல் 72 மணி நேரம் கழித்து இன்னொரு முறை பி.டி. எடுத்த பிறகே நிம்மதி.

படி 5: தோட்டத்துப் பூச்சிமருந்து

இங்கே வழி வேறு. மருந்தடித்த செடிக்குள் வெட்டுக்கிளி துரத்திப் போகும் பூனையின் பாதத்திலும் ரோமத்திலும் மருந்து ஒட்டும். அப்புறம் உட்கார்ந்து நக்கியே உள்ளே அனுப்பிவிடும். பெர்மெத்ரின், சைபர்மெத்ரின் போன்றவை நாயைவிடப் பூனைக்குக் கடுமையானவை, அவற்றை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலில் குறைவு. சில மணி நேரத்தில் காது துடிக்கும், எச்சில் ஒழுகும், உடல் நடுங்கும். மாலத்தியான், டைமீத்தோயேட் வகை என்றால் எச்சிலோடு கண்ணீரும் பேதியும் வரும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். அதற்கு முறிமருந்தாக அட்ரோபின் உண்டு. எனவே புட்டியையோ அதன் படத்தையோ மறக்காமல் கொண்டுபோங்கள்.

மருந்து மேலே பட்டது தெரிந்தால், பூனை தெளிவாக இருக்கும்போது வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக் கழுவுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சுடுநீர் மருந்தை அதிகமாக உறிஞ்ச வைக்கும், குளிர்ந்த நீர் நடுக்கத்தைக் கூட்டும். ஏற்கெனவே வலிப்பு வந்துவிட்டால் கழுவ நேரம் செலவழிக்காமல் மருத்துவரிடம் போங்கள். தெளித்த செடிகள் முழுதாகக் காயும்வரை பூனையை உள்ளே வைத்திருங்கள். குருணை மருந்தைப் பூனை திரியும் தோட்டத்தில் போடவே கூடாது என்பேன். மண்ணில் கிடந்து கரைகிறவரை ஆபத்து நீள்கிறது.

படி 6: எலிக்கு வேறு வழி

எலிக்கூண்டோ ஸ்பிரிங் பொறியோ வையுங்கள். கேக்கைப் பெட்டிக்குள் பூட்டிவைத்தால் பூனை கேக்கைத் தின்னாது, அவ்வளவுதான், தின்றுவிட்டு வெளியே வரும் எலியை அந்தப் பெட்டி தடுக்காது. பக்கத்து வீட்டில் வைத்தே தீருவோம் என்றால், அந்த நாட்களிலும் அதற்கடுத்த இரண்டு வாரமும் பூனையை வீட்டுக்குள் வைக்கப் பாருங்கள். செத்த எலிகளைக் கையுறையோடு எடுத்து, நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள்.