வெளிநாட்டு உணவகத்துக்குப் போகும் சமையல்காரரின் ராஜினாமா கடிதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொங்கல் கழிந்த வாரம், மதிய சர்வீஸ் முடிந்து அடுப்புகளை அணைத்த நேரத்தில், தந்தூரில் நிற்கும் தம்பி ஒருவர் செல்போனை நீட்டினார். "செஃப், துபாயில புதுசா ஒரு ரெஸ்டாரண்ட் திறக்குறாங்க. என்னைக் கூப்பிட்டிருக்காங்க. லெட்டர் எழுதிட்டேன், ஒருதடவை பாத்துச் சொல்லுங்க" என்றார்.

கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது. நன்றியும் இருந்தது. கடைசி வரியில் எனக்குச் சுருக்கென்றது: "ஆகவே என்னைக் கூடிய விரைவில் பணியிலிருந்து விடுவிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்."

இதே வரியை 2014-ல் நானும் எழுதினேன். அதற்குப் பிறகு என்னிடம் கடிதத்தைக் காட்டிய பையன்களில் பாதிப் பேர் இதையே எழுதி வந்தார்கள். எழுத்துப்பிழை, மேலதிகாரியைக் கடிதத்தில் குறை சொல்வது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

கடைசி வேலைநாளை எழுதாமல் "உடனே விடுவியுங்கள்" என்று கேட்பது

அப்போது சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலில் வேலை பார்த்தேன். 2008 ஜனவரி 10-ல் சேர்ந்தவன். துபாய் கராமாவில் புது உணவகம் திறக்கப் போகிறவர் போனில் பேசினார். நோன்பு தொடங்குவதற்கு முன் கடையைத் திறந்துவிட வேண்டும், சீக்கிரம் வாருங்கள் என்றார். ஆஃபர் லெட்டரும் மின்னஞ்சலில் வந்தது. ஜூன் 18 அன்று "உடனே விடுவியுங்கள்" என்று கடிதம் கொடுத்தேன். எச்.ஆர். மறுக்கவில்லை. ஜூன் 20 அன்று ரிலீவிங் லெட்டரைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

கடை திறக்கவில்லை. புகைபோக்கிக் குழாய் வேலை பாதியில் நின்றிருந்தது. சிவில் டிஃபென்ஸின் தீப் பாதுகாப்பு அனுமதி வரவில்லை. முனிசிபாலிட்டியின் உணவு அனுமதி அதற்கும் பிறகுதான். நோன்பு மாதத்தில் அங்கே வேலை நேரம் தினமும் இரண்டு மணி நேரம் குறையும் என்பதால் எல்லாமே மெதுவாக நகர்ந்தது. அனுமதிகள் கைக்கு வராமல் ஆட்களுக்கு விசா போட முதலாளி தயாராக இல்லை. அவர் என்னை ஏமாற்றவில்லை. புது உணவகம் சொன்ன தேதியில் திறப்பது அபூர்வம், அது எனக்கு அப்போது தெரியாது. நான் விமானம் ஏறியது செப்டம்பர் 12. பன்னிரண்டு வாரம் சம்பளம் இல்லாமல் வீட்டில் இருந்தேன்.

அது மட்டும் போகவில்லை. என் நியமன ஆணையில், எந்தத் தரப்பு விலக நினைத்தாலும் ஒரு மாத முன்னறிவிப்பு, இல்லையென்றால் ஒரு மாத அடிப்படைச் சம்பளம் என்று இருந்தது. உடனே போகிறேன் என்று கேட்டவன் நான். எனவே என் அடிப்படைச் சம்பளம் 15,600 ரூபாயை ஃபைனல் செட்டில்மென்டில் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்தது கிராஜுவிட்டி. ஒவ்வொரு வருடச் சேவைக்கும் பதினைந்து நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கு. 15,600-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் வருடத்துக்கு 9,000 ரூபாய். கடைசியில் மிஞ்சும் மாதங்கள் ஆறைத் தாண்டினால் முழு வருடமாகச் சேரும், தாண்டாவிட்டால் கழிந்துவிடும். ஜூன் 20-ல் என் சேவை 6 வருடம், 5 மாதம், 10 நாள். ஆறு வருடத்துக்கு 54,000 கிடைத்தது. ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து ஜூலை 18 வரை நின்றிருந்தால் 6 வருடம், 6 மாதம், 8 நாள் ஆகியிருக்கும். ஏழு வருடமாகக் கணக்கிட்டு 63,000 வந்திருக்கும்.

பணத்தைவிட இன்றும் என்னை உறுத்துவது, இது அவர்கள் செய்ததல்ல, நானே எழுதிக் கொடுத்தது என்பதுதான். கடிதத்தில் கடைசி வேலைநாளைத் தேதியாக எழுதி, நோட்டீஸ் முழுவதும் வேலை செய்கிறேன் என்று சொல்லியிருந்தால், அதற்கு முன்பே அனுப்புவது நிறுவனத்தின் முடிவாகியிருக்கும். என் ஆணையில் இருந்ததுபோல் இரு தரப்புக்கும் பொருந்தும் விதி இருந்தால், அந்த ஒரு மாதச் சம்பளத்தை அவர்கள் தர வேண்டியிருக்கும். தேதியை விட்டு "கூடிய விரைவில்" என்று எழுதினால் முடிவு நம்முடையதாகிவிடுகிறது.

ஆகவே தம்பியிடம் முதலில் கேட்டது, "என்ட்ரி பெர்மிட் வந்துடுச்சா?" என்றுதான். வரவில்லை. ஆஃபர் லெட்டர் மட்டும் இருந்தது. கடிதத்தை அப்படியே வைத்திருக்கச் சொன்னேன். அமீரகத்தில் வேலைக்கான என்ட்ரி பெர்மிட் கிடைத்தால் பொதுவாக 60 நாளுக்குள் உள்ளே நுழைய வேண்டும். அந்த 60 நாளுக்குள் 30 நாள் நோட்டீஸ் தாராளமாக அடங்கும். தம்பிக்குப் பெர்மிட் பிப்ரவரி 24-ல் வந்தது. கடிதம் மார்ச் 3, கடைசி வேலைநாள் ஏப்ரல் 2, பெர்மிட் முடிவது ஏப்ரல் 25. நடுவில் மூன்று வாரம் வீட்டுக்கும் பயணத்துக்கும் இருந்தது. பத்தாம் வகுப்பு முடிக்காமல் இ.சி.ஆர். பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இந்த மூன்று வாரம் இன்னும் முக்கியம். அமீரகத்துக்கு வேலைக்குப் போக அவர்களுக்குக் குடிபெயர்வு அனுமதி வேண்டும்.

எல்லோருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. சூ செஃப் நிலையில் 60 நாள், 90 நாள் நோட்டீஸ் இருப்பதுண்டு. 90 நாளை 60 நாள் பெர்மிட்டுக்குள் அடைக்க முடியாது. அப்படி இருந்தால் ஆஃபர் வந்த அன்றே புது முதலாளியிடம் நோட்டீஸ் காலத்தைச் சொல்லி, விசா விண்ணப்பத்தைத் தள்ளிப் போடச் சொல்லுங்கள். நோட்டீஸைக் குறைத்துத் தரும்படி இங்கே கேட்பதானால், கடிதத்துக்கு முன் நேரில் கேளுங்கள். சம்மதித்தால் அந்தத் தேதியையே கடிதத்தில் எழுதுங்கள்.

எக்சிகியூட்டிவ் செஃபுக்குக் கடிதத்தின் மூலம் செய்தி போவது

கடிதம் எச்.ஆருக்குப் போவதற்கு முன் அவர் காதில் உங்கள் வாயால் விழ வேண்டும். மதிய சர்வீஸ் முடிந்து மாலைச் சமையலுக்கான முன்தயாரிப்பான மீசான் தொடங்குவதற்கு முன் அவர் அறையில் இருக்கும் அரை மணி நேரமே சரியான நேரம். ஆர்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது சொல்லவே கூடாது.

யாருக்கும் பொருந்தும் நன்றி

"எனக்கு அளித்த வாய்ப்புகளுக்கும் ஆதரவுக்கும் நன்றி." இந்த வரியைக் கணக்குப் பிரிவில் இருப்பவரும் எழுதலாம், தோட்டக்காரரும் எழுதலாம். சமையலறையில் கற்றது கையில் இருக்கிறது, அதைச் சொல்லுங்கள். தம்பியிடம், "இங்க உனக்கு யார், என்ன கத்துக்குடுத்தாங்க?" என்று கேட்டேன். பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து பெரிய செஃப் தன்னைத் தந்தூருக்குக் கூட்டி வந்தது, முதல் வாரம் ரொட்டிகள் ஒட்டாமல் தணலில் விழுந்தபோது அவர் பக்கத்தில் நின்றது எல்லாவற்றையும் கண் கலங்கச் சொன்னார். அதில் ஒரு சொல்கூடக் கடிதத்தில் இல்லை. உட்கார்ந்து மாற்றி எழுதினோம். ஹோட்டல்களில் கடிதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும். ஆனாலும் முதலில் தமிழில் எழுதிவிட்டு மாற்றினால் மனதில் இருப்பது வரும். எழுதியது இது:

*மதிப்பிற்குரிய ஐயா,*

*நம் ஹோட்டலின் தந்தூர் பிரிவில் கமி-1 பதவியில் பணியாற்றும் நான், பணியிலிருந்து விலக முடிவு செய்துள்ளேன். நியமன ஆணையின்படி மார்ச் 3 முதல் ஒரு மாத முன்னறிவிப்பு தருகிறேன். என் கடைசி வேலைநாள் ஏப்ரல் 2. அதுவரை என் ஷிப்டுகளில் முழுமையாகப் பணியாற்றுவேன்.*

*வெளிநாட்டில் புதிதாகத் திறக்கவிருக்கும் ஓர் உணவகத்தின் சமையலறையில் சேரும் வாய்ப்பு வந்திருக்கிறது.*

*பாத்திரம் கழுவும் பகுதியில் இருந்த என்னைத் தந்தூருக்கு அழைத்து வந்தவர் நம் எக்சிகியூட்டிவ் செஃப். முதல் வாரம் நான் போட்ட ரொட்டிகள் தணலில் விழுந்தபோது, பக்கத்தில் நின்று சூட்டைக் கணிக்கக் கற்றுத் தந்தார். இன்று ஒரு புதிய சமையலறை என்னை நம்பி அழைக்கிறது என்றால் அந்த வாரம்தான் காரணம். அவருக்கும் என் பிரிவில் உடன் நின்ற அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.*

*விலகுவதற்குள் மேரினேஷன் அளவுகளை ரெசிபி கார்டுகளில் சரிபார்த்து வைப்பேன். தினசரி இன்டென்ட் போடுவதையும் தந்தூரைப் பராமரிப்பதையும் எனக்குப் பின் வருபவருக்குச் சொல்லிக்கொடுப்பேன்.*

*கடைசி நாளன்று ரிலீவிங் லெட்டரும், என் பதவியும் பணிக்காலமும் குறிப்பிட்ட அனுபவச் சான்றிதழும் தந்துதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.*

*பணிவுடன்,*

பெரிய செஃப் இதைப் படித்துவிட்டு எழுந்து வந்து தம்பியின் தோளில் கை வைத்தார்.

புது உணவகத்தின் பெயரையும் சம்பளத்தையும் எழுதுவது

கடிதம் உங்கள் கோப்பில் நிரந்தரமாக இருக்கும், பலர் கையில் புரளும். திறக்காத கடையின் பெயரை வெளியே சொல்வது அதன் முதலாளிக்குச் செய்யும் நியாயமும் அல்ல. "வெளிநாட்டில் புதிதாகத் திறக்கும் உணவகம்" என்பது போதும். நேரில் கேட்டால் செஃபிடம் மட்டும் சொல்லுங்கள்.

பதவியைச் சொல்லாத சான்றிதழ்

"எங்களிடம் பணியாற்றினார், நன்னடத்தை உடையவர்" என்ற வரி புது முதலாளிக்கு உதவாது. என்ன பதவி, எந்தப் பிரிவு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பது வேண்டும். கடிதத்திலேயே கேட்டுவிட்டால் கடைசி நாளில் அலைய வேண்டாம். சான்றிதழ், ரிலீவிங் லெட்டர், பி.எஃப். கணக்கில் பதிவாகும் விலகிய தேதி மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே போன பிறகு திருத்தம் கேட்டு ஹோட்டலுக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பது பெரும் சிரமம்.

நோட்டீஸ் மாதத்தில் கூட்டாளிகளை அங்கே அழைப்பது

கூடாது.

நகல் வாங்காமல் வருவது

இரண்டு பிரதி கொண்டு போங்கள். ஒன்றில் பெற்றுக்கொண்ட தேதியும் எச்.ஆர். கையெழுத்தும் வாங்கிய பிறகு ஏப்ரனைக் கட்டுங்கள்.